நெல் வரவிலிருந்து ஆய்வகத்துக்கு மாறுதல் கேட்டு எழுதும் கடிதம்: எப்படி எழுதுவது?

கோரையாறு

வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு நவீன அரிசி ஆலையில் நெல் வரவுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். லாரி வந்ததும் எடைமேடையில் ஏற்றி எடை போடுவது, மூட்டையில் ஊசி குத்தி சாம்பிள் எடுப்பது, மீட்டரில் ஈரப்பதம் பார்த்துச் சீட்டு எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. படித்தது பி.எஸ்சி. வேதியியல்.

இதே ஆலையின் தரப் பரிசோதனை ஆய்வகத்தில் ஓர் இடம் காலியாகிறது. உள்ளே வேலை பார்ப்பவர்களும் விண்ணப்பிக்கலாம், பயோடேட்டாவோடு ஒரு பக்கக் கடிதம் வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். தை பிறந்ததும் கொடுக்க வேண்டும். நான் எழுதி வைத்திருப்பது இது:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக நேர்மையாகவும் கடினமாகவும் உழைத்து வருகிறேன். அறுவடைக் காலத்தில் இரவு வெகுநேரம் எடைமேடையில் நிற்க வேண்டியிருக்கிறது. தூசியால் அடிக்கடி இருமல் வருகிறது. என் படிப்புக்கு ஏற்ற வேலையும் இங்கு இல்லை. எனவே ஆய்வகத்தில் எனக்கு ஒரு வாய்ப்பு அளித்தால் என்றும் நன்றியுடையவளாக இருப்பேன்."

இது போதுமா? ஏதாவது சேர்க்க வேண்டுமா?

பாபநாசம் ரோடு

மாறுதல் விண்ணப்பம் என்றால் 'உரிய வழியாக' என்று மேலே எழுதி, உங்கள் மேலதிகாரி கையெழுத்தோடுதான் மேலே போக வேண்டும். பணிப் பதிவேட்டு நகலும் வைக்க வேண்டும். கலந்தாய்வுத் தேதி அறிவித்துவிட்டார்களா? கணவர் வேறு மாவட்டத்தில் வேலை பார்த்தால் அதற்குச் சான்று வாங்கி வையுங்கள், முன்னுரிமை கிடைக்கும்.

கோரையாறு

ஐயா, இது தனியார் ஆலை. ஊரும் மாறவில்லை. ஒரே வளாகத்தில் எடைமேடையிலிருந்து ஆய்வகக் கட்டடத்துக்குப் போவதுதான்.

வெட்டாறு

நான் ஆலைகளில் பணியாளர் நிர்வாகம் பார்த்தவன். இந்த மாதிரிக் கடிதங்கள் நிறைய என் மேசைக்கு வந்திருக்கின்றன. வெளிப்படையாகச் சொல்கிறேன், தங்கச்சி. உங்கள் கடிதத்தில் எதை விட்டுப் போகிறீர்கள் என்பதுதான் இருக்கிறது. ஆய்வகத்துக்கு நீங்கள் எதற்கு வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

வெளியிலிருந்து விண்ணப்பிப்பவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். உங்களுக்கு அந்த வேலை இல்லை. உங்கள் கோப்பு, வருகைப் பதிவு, சம்பள உயர்வு எல்லாம் அலுவலகத்தில் இருக்கிறது. 'நேர்மையாக, கடினமாக' என்று நீங்களே எழுதினால், படிப்பவர் உங்கள் இப்போதைய பிரிவுத் தலைவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடுவார். அந்த இரண்டு சொல்லையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, இந்தக் கடிதத்தை எதிரும் புதிருமாக இருக்கும் இரண்டு பேர் படிப்பார்கள். ஆய்வகத் தலைவர் 'இவள் எனக்கு என்ன செய்வாள்' என்று பார்ப்பார். உங்கள் இப்போதைய தலைவர் 'என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாள், என் ஆளைப் பிடுங்கிக்கொண்டு போனால் எடைமேடைக்கு யார்' என்று பார்ப்பார். இரவு நிற்க வேண்டியிருக்கிறது என்ற வரி அவர் கண்ணுக்குப் புகாராகத்தான் தெரியும். உங்களை விடுவித்து ஓலை எழுதப்போவதும் அவர்தான்.

தூசி, இருமல் உண்மை என்றால் அது தனி விண்ணப்பம். மருத்துவச் சீட்டோடு கொடுங்கள். ஒரு பேச்சுக்குக்கூட இதில் கலக்காதீர்கள். ஆய்வகத்திலும் உமி நீக்கும் சின்ன மெஷின் ஓடுகிறது, அங்கேயும் தூசிதான். 'தூசி ஆகாதவளை எடுத்து நான் என்ன செய்வது' என்று அவர் நினைத்தால் கதை அங்கேயே முடிந்தது.

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். இப்போது செய்யும் வேலையில் ஆய்வகத்தின் வேலையைத் தொட்டது எது?

திருவையாறு படித்துறை

இவ்வளவு சுற்றல் எதற்கு? உள்ளே மாறினால் சம்பளம் ஏறாது. ராஜினாமா கொடுத்துவிட்டு, அதே இடத்துக்குப் புதிய ஆளாக விண்ணப்பித்தால் புதுச் சம்பளம் பேசலாம். என் நண்பன் அப்படித்தான் செய்தான், கூடுதலாகவே வாங்குகிறான்.

வெட்டாறு

சம்பளம் பேச வெளி ஆளுக்கு இடம் அதிகம் என்பது சரி. ஆனால் ராஜினாமா கொடுத்த அன்றே பணித்தொடர்ச்சி அறுந்துவிடும். பணிக்கொடை விதி 1972-இல் வந்த சட்டத்திலிருந்தே இருக்கிறது. அதன்படி ஐந்து ஆண்டு தொடர்ச்சியாக வேலை பார்த்தால்தான் பணிக்கொடை உண்டு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளக் கணக்கு. இந்தத் தங்கச்சி நான்கு ஆண்டைத் தாண்டி நிற்கிறார். இப்போது விட்டுவிட்டுத் திரும்பச் சேர்ந்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும். அந்த இடம் அவருக்கே கிடைக்கும் என்பதற்கும் உறுதி இல்லை.

கடிதத்தில் 'இப்போதைய பணியிலிருந்து விலகி' என்றுகூட எழுத வேண்டாம். 'பிரிவு மாற்றம்' என்றே எழுதுங்கள். நாளைக்கு ஒரு தகராறு வந்தால் அந்த ஒரு சொல்லைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

கோரையாறு

வெட்டாறு அண்ணா, ஆய்வகத்தைத் தொட்ட வேலை என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. போன சம்பாவில் வாசலில் நான் பார்க்கும் ஈரப்பதமும் ஆய்வகம் பார்ப்பதும் அடிக்கடி ஒத்துப்போகவில்லை. நான் 16.5 என்று சீட்டு எழுதினால் அங்கே 18 வரும். விவசாயி என்னிடம் சண்டைக்கு வருவார், ஆய்வகம் என் மீட்டர் சரியில்லை என்று சொல்லும்.

ஒரு நோட்டுப் போட்டு, இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். ரகம், நெல் எங்கே காய்ந்தது, எப்போது மூட்டை கட்டினார்கள் என்று டிரைவரிடம் கேட்டு அதையும் எழுதினேன். வித்தியாசம் எல்லா லாரியிலும் இல்லை. களத்திலோ ரோட்டிலோ வெயிலில் காயப்போட்டு, சூடு ஆறுவதற்குள் மூட்டை கட்டி ஏற்றிய லாரிகளில்தான் அதிகம் இருந்தது. நாங்களும் லாரியின் பின்பக்கம் கைக்கு எட்டும் மூட்டைகளில்தான் ஊசி குத்திக்கொண்டிருந்தோம். அதன்பிறகு பாதி லாரி இறங்கியதும் நடு மூட்டைகளில் இரண்டாவது சாம்பிள் எடுக்க ஆரம்பித்தேன். வித்தியாசம் நன்றாகக் குறைந்தது. இதையெல்லாம் கடிதத்தில் எழுதலாமா? பெரிய விஷயமாகத் தெரியவில்லையே.

ஆடுதுறை மேடு

நான் வேறொரு ஆலையில் ஆய்வகம் பார்க்கிறேன். அம்மா, இதுதான் உங்கள் கடிதம். மற்றதெல்லாம் இதற்கு முன்னும் பின்னும் வைக்கும் இரண்டு வரி.

நீங்கள் கண்டது சரி. வெயிலில் வேகமாகக் காய்ந்த நெல்லில் மேலே உமிப்பக்கம் உலர்ந்திருக்கும், அரிசிக்குள் ஈரம் நிற்கும். மீட்டர் அப்போது குறைத்துக் காட்டும். சில மணி நேரம் மூட்டையில் கிடந்தால் உள் ஈரம் வெளியே பரவி, அதே நெல் கூடுதலாகக் காட்டும். வாசலுக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே போன நேரமே வித்தியாசத்தில் ஒரு பங்கு. மேல் மூட்டை, நடு மூட்டை என்பது இன்னொரு பங்கு. 20 டன் லாரியில் ஒன்றரை சதவீதம் என்றால் 300 கிலோ தண்ணீர். அரசுக் கொள்முதலுக்கு 17 சதவீதம் வரம்பு, தனியார் ஆலைகளும் அதை ஒட்டித்தான் கழிவு போடுகின்றன. எனவே 16.5-க்கும் 18-க்கும் நடுவே இருப்பது விவசாயியின் பணம். அப்படிப் போய் அம்பாரத்தில் அடுக்கிய நெல் சூடேறினால் அது ஆலையின் பணம்.

இப்படி ஒருவர் நோட்டுப் போட்டார் என்றால் ஆய்வகத்தில் அவருக்கு மீட்டர் பார்க்க நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எண் ஏன் அப்படி வந்தது என்று கேட்கும் பழக்கம் இருக்கிறது. எனக்கு அதுதான் வேண்டும்.

ஒன்றில் மட்டும் கவனம். 'ஆய்வகத்தின் எண் தவறாக இருந்தது' என்றோ 'வாசலில் தவறாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்' என்றோ எழுதிவிடாதீர்கள். ஒரு வரி புதுத் தலைவரைக் குத்தும், இன்னொன்று பழைய தலைவரைக் குத்தும். இரண்டு எண்ணும் வேறுபட்டன, காரணம் தேடினேன், இது கிடைத்தது. அவ்வளவு போதும்.

மகாமகக் குளம்

என் கதையைச் சொல்கிறேன், உதவுமா பாருங்கள். கும்பகோணத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் வசூல் பிரிவில் இருந்தேன், கணக்குப் பிரிவுக்குப் போக ஆசை. மேனேஜர் தடுப்பார் என்று பயந்து, அவருக்குச் சொல்லாமல் நேரே பணியாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டேன். அவர்கள் முதல் வேலையாக அவருக்கே அனுப்பி 'உங்கள் கருத்து என்ன' என்று கேட்டார்கள். அன்றைக்கு அவர் முகம் போன போக்கை மறக்க முடியாது. மறுக்கவில்லை, ஆனால் 'வருடக் கடைசி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று இழுத்துக்கொண்டே போனார். முதலில் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சீக்கிரம் விட்டிருப்பார் என்று பிறகு அவரே சொன்னார்.

திருவையாறு படித்துறை

எல்லா மேனேஜரும் அப்படி இல்லை, அக்கா. சொன்னால் கடிதம் அவர் டிராயரிலேயே தூங்கும். கடைசி நாள் தாண்டிவிடும்.

வெட்டாறு

இதில் இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நான் பார்த்தவரை வழி இதுதான். முதலில் நேரில் போய்ச் சொல்லுங்கள், லாரி வரிசை நிற்கும்போது இல்லை, காலையில் ஓய்வாக இருக்கும் நேரத்தில். மறுநாள் கடிதத்தைப் பணியாளர் மேலாளருக்கு முகவரியிட்டு, 'வழி: நெல் வரவுப் பிரிவுத் தலைவர்' என்று போட்டு அவரிடமே கொடுங்கள். பாபநாசத்து ஐயா சொன்ன 'உரிய வழியாக' என்பதன் தனியார் வடிவம் இது. இன்னொரு பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி நாளுக்கு முன் மேலே போகவில்லை என்றால் அந்தப் பிரதியோடு நேரே போகலாம், யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

திருவையாறு படித்துறை

மேனேஜரிடமே கையெழுத்துக் கேட்டால் 'என்னை நம்பவில்லையா' என்று கேட்பார். நான் இருந்தால் கேட்க மாட்டேன்.

வெட்டாறு

அது ஆளைப் பொறுத்தது. தங்கச்சிக்குத்தான் அவரைத் தெரியும்.

இன்னொன்று கேட்க வேண்டும். ஆய்வகம் உண்மையிலேயே உங்கள் கம்பெனிதானா? ஒரே வாசல், ஒரே முதலாளி என்பதை வைத்துச் சொல்லாதீர்கள். அரிசி ஆலை ஒரு கம்பெனி, தவிட்டு எண்ணெய் இன்னொரு கம்பெனி என்று காகிதத்தில் பிரித்து வைத்திருப்பார்கள். உங்கள் சம்பளச் சீட்டின் தலைப்பில் என்ன பெயர், ஆய்வகத்துக்காரர் சீட்டில் என்ன பெயர் என்று பாருங்கள்.

கோரையாறு

பார்த்தேன் அண்ணா. நல்லவேளை கேட்டீர்கள். என் சீட்டில் ஆலையின் பெயர். ஆய்வகத்தில் ஒரு அக்காவின் அடையாள அட்டையில் எண்ணெய்க் கம்பெனியின் பெயர். அங்கேயே நெல் பரிசோதனை பார்க்கும் அண்ணன் அட்டையில் ஆலையின் பெயர். நோட்டீஸில் எந்தக் கம்பெனி என்று போடவில்லை.

வெட்டாறு

அப்படியானால் இது முக்கியம். எண்ணெய்க் கம்பெனியின் பெயரில் எடுத்தால் அது பிரிவு மாற்றம் இல்லை. ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றில் சேர்வது. பி.எஃப்.-இல் யு.ஏ.என். எண் அதேதான், ஆனால் புது உறுப்பினர் எண் விழும், பழைய தொகையை மாற்றிக்கொள்ள வேண்டும். அது நடந்துவிடும். பணிக்கொடைக்கான ஆண்டுக் கணக்குத்தான் சிக்கல். 'முந்தைய பணிக்காலம் தொடர்ச்சியாகக் கொள்ளப்படும்' என்று மாறுதல் உத்தரவில் எழுத்தில் வாங்காவிட்டால், பின்னால் நீங்கள்தான் வாதாட வேண்டும்.

கடிதத்தில் சட்டம் பேச வேண்டாம். 'பணித்தொடர்ச்சியுடன்' என்ற ஒரு சொல் போதும். மீதியைப் பணியாளர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். சம்பளத்தையும் அங்கேயே கேளுங்கள், கடிதத்தில் வேண்டாம்.

மகாமகக் குளம்

சம்பள விஷயத்தில் எனக்கு வேறு கருத்து, அண்ணா. நான் எழுதாமல் விட்டேன், அவர்கள் கீழ்நிலையில் போட்டுவிட்டார்கள். 'இப்போதைய சம்பள நிலையில்' என்று எழுதியிருந்தால் குறைத்திருக்க மாட்டார்கள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆடுதுறை மேடு

முதல் கடிதத்திலேயே சம்பளம் வந்தால் எனக்குக் கொஞ்சம் முகம் சுளிக்கும். ஆனால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. உத்தரவில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டே ஆக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

எப்போது மாறுவது என்பதையும் எழுதுங்கள். தை, மாசியில் சம்பா, தாளடி வரவு உச்சத்தில் இருக்கும். எடைமேடையில் ஆளில்லை என்றால் உங்கள் தலைவர் எப்படி விடுவார்? ஆய்வகத்துக்கும் அதே நேரத்தில்தான் வேலை குவியும், புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க எங்களுக்கு நேரம் இருக்காது. பங்குனி முடிந்து, குறுவை நெல் வரும் புரட்டாசிக்கு முன்னால் என்றால் இரண்டு பக்கமும் மூச்சு விடலாம். ஆனால் சில ஆய்வகத் தலைவர்கள் 'நாளைக்கே வா' என்பார்கள். அவர்களுக்கும் ஒரு கதவு திறந்து வையுங்கள்.

கோரையாறு

திரும்ப எழுதினேன். பாருங்கள்.

"பெறுநர்: பணியாளர் மேலாளர்
வழி: நெல் வரவுப் பிரிவுத் தலைவர்
பொருள்: தரப் பரிசோதனை ஆய்வகத்துக்குப் பணித்தொடர்ச்சியுடன் பிரிவு மாற்றம் கோருதல்

ஐயா,

அறிவிப்புப் பலகையில் வெளியான ஆய்வக உதவியாளர் பணிக்கு, நெல் வரவுப் பிரிவிலிருந்து மாற்றம் கேட்டு எழுதுகிறேன்.

சென்ற சம்பாவில் வாசலில் பதிவான ஈரப்பதமும் ஆய்வகத்தில் பதிவான ஈரப்பதமும் சில லாரிகளில் ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை வேறுபட்டன. இரண்டு அளவுகளையும், நெல் காய்ந்த இடம், மூட்டை கட்டிய நேரம் ஆகியவற்றோடு குறித்து வந்தேன். வெயிலில் உலர்த்தி உடனே மூட்டை கட்டிய நெல்லில் வேறுபாடு கூடுதலாக இருந்தது. பிரிவுத் தலைவரின் அனுமதியோடு, பாதி லாரி இறங்கிய பின் நடு மூட்டைகளிலிருந்து இரண்டாவது மாதிரி எடுத்தேன். வேறுபாடு பெரும்பாலும் அரை சதவீதத்துக்குள் வந்தது. குறிப்பேட்டை நேரில் காட்ட முடியும்.

கருக்காய், பதர், கலப்பு ஆகியவற்றை வாசலில் கண்ணால் பார்த்துச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. எடை போட்டுப் பிரிப்பதும், அரைத்து நொய் அளவு காண்பதும் நான் செய்ததில்லை. அவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். பி.எஸ்சி. வேதியியல் படித்திருக்கிறேன்.

சம்பா, தாளடி வரவு முடியும் வரை இப்போதைய பணியில் இருந்து, எடைமேடைக்கு வருபவருக்குச் சீட்டு, பதிவேடு, மாதிரி எடுக்கும் முறை ஆகியவற்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டு மாற விரும்புகிறேன். அதற்கு முன் தேவைப்பட்டால், இரு பிரிவுத் தலைவர்களும் பேசி முடிவு செய்யும் நாளில் வருகிறேன்."

ஆடுதுறை மேடு

நன்றாக இருக்கிறது. செய்ததில்லை என்று எழுதிய வரியை எடுத்துவிடாதீர்கள். நான் நேரில் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும், கடிதத்திலேயே இருந்தால் மேற்கொண்டு பேசலாம். 'அரை சதவீதத்துக்குள்' என்பதை நோட்டில் ஒரு முறை கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைத்தான் பிடித்து நிற்பார்கள்.

வெட்டாறு

தலைவரின் அனுமதியோடு என்று எழுதியது உண்மைதானே? அப்படியானால் அந்த வரி அவருக்கும் பெருமை, நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார். எடைமேடைக்கு யார் வரவேண்டும் என்று பெயர் சொல்லாமல் விட்டதும் சரி, அது அவர் முடிவு.

கோரையாறு

உண்மைதான் அண்ணா, அவரிடம் கேட்டுத்தான் செய்தேன். நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். மழை நாள் லாரிகளில் அரைக்கு மேலேயும் இருக்கிறது. அதனால் 'மழை இல்லாத நாட்களில்' என்று சேர்த்துவிட்டேன்.

நேற்று தலைவரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு 'சம்பா முடியட்டும், எழுதிக் கொடு' என்றார். பணியாளர் அலுவலகத்தில் எந்தக் கம்பெனி என்று கேட்டதற்கு, 'நெல் பக்கம் என்றால் ஆலைதான், கவலைப்படாதே' என்று வாயால் சொன்னார்கள். சம்பளம் பற்றிக் கேட்டதற்குப் பதில் இல்லை.

வெட்டாறு

வாயால் சொன்னது உத்தரவில் வரும்வரை காத்திருங்கள். உத்தரவு கைக்கு வந்ததும் கையெழுத்துக்கு முன் மூன்றைப் பாருங்கள்: கம்பெனியின் பெயர், பணியில் சேர்ந்த தேதி என்று எதைப் போட்டிருக்கிறார்கள், அடிப்படைச் சம்பளம். சேர்ந்த தேதி பழையதாக இருந்தால் நல்லது. புதுத் தேதியாக இருந்தால் கையெழுத்துப் போடாமல் இங்கே வந்து சொல்லுங்கள்.

பாபநாசம் ரோடு

அம்மா, என் மருமகளும் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டிலிருந்து ஆய்வகத்துக்கு மாற்றம் கேட்கிறாள். அவள் சம்பளச் சீட்டையும் இன்று எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். அதில் டிரஸ்ட் பெயர் இருந்தால் என்ன அர்த்தம், வெட்டாறு சார்?